எக்ஸ்டெண்டரில் சிக்னல் முழுசா காட்டுது, வேகம் மட்டும் ஏன் வரல?

கார்முகில்

வணக்கம். இணைய இணைப்பு 200 எம்பிபிஎஸ். ரூட்டர் இருக்கும் ஹாலில் லேப்டாப்பில் 190க்கு மேல் வருது. கடைசி அறைக்கு நடுவில் இரண்டு செங்கல் சுவர், தூரம் சுமார் 11 மீட்டர். அங்கே சிக்னல் அறுந்து அறுந்து வந்ததால் ஒரு டூயல் பேண்ட் எக்ஸ்டெண்டர் வாங்கி, அந்த அறையிலேயே மேசைக்குப் பக்கத்து பிளக்கில் மாட்டியிருக்கேன். WPS பட்டனை அழுத்தினதும் ரூட்டரோடு சேர்ந்துடுச்சு. பெயரும் பாஸ்வேர்டும் ரூட்டரில் உள்ளதேதான்.

இப்போ லேப்டாப்பில் சிக்னல் கோடு முழுசா நிக்குது. ஆனா ஸ்பீட் டெஸ்ட்டில் 30 தாண்ட மாட்டேங்குது. அட்டைப்பெட்டியில் 1200ன்னு போட்டிருக்கு. பெட்டி பழுதா, நான் மாட்டின விதம் தப்பா?

மணிமாறன்

பழுதெல்லாம் இல்ல நண்பா. எக்ஸ்டெண்டர்னாலே வேகம் பாதிதான், அது விதி. வாங்கின ஒவ்வொரு தகவலையும் திரும்ப ஒருமுறை அனுப்பணும் இல்லையா? ஆனா உங்களோடது டூயல் பேண்ட்னா அந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது. ஒரு பேண்டில் வாங்கி இன்னொன்றில் அனுப்பும். அதனால இணையக் கம்பெனி பக்கம்தான் ஏதோ கோளாறு. புகார் கொடுங்க.

அலைவரிசை

ஹாலில் 190 வருதுன்னு சொல்லியாச்சே, கம்பெனிப் பக்கம் போக வேண்டாம். குறை ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில்தான் இருக்கு.

முதலில் அந்த சிக்னல் கோட்டை நம்பாதீங்க. லேப்டாப் காட்டுவது எக்ஸ்டெண்டருக்கும் லேப்டாப்புக்கும் உள்ள சிக்னல். ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தா அது முழுசாத்தான் இருக்கும். எக்ஸ்டெண்டருக்கு ரூட்டரிடமிருந்து என்ன வருதுங்கிறது லேப்டாப்புக்குத் தெரியவே தெரியாது. ரூட்டரிலிருந்து எக்ஸ்டெண்டருக்கு ஒரு தாவல், அங்கிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தாவல், இரண்டையும் தனித்தனியா அளந்தால்தான் எது இழுக்குதுன்னு சொல்ல முடியும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. விண்டோஸ் லேப்டாப்னா கமாண்ட் பிராம்ப்டில் இதை ஓட்டுங்க:

```
netsh wlan show interfaces
```

அதில் Channel, Receive rate (Mbps), BSSID மூன்றையும் குறிச்சுக்கோங்க. BSSID, அதாவது பெட்டியின் அடையாள எண், எக்ஸ்டெண்டரோடதா, ரூட்டரோடதான்னு பாருங்க. பெயர் ஒன்னா இருக்கறதால இது தெரியாம மேலே பேச முடியாது.

அடுத்து, எக்ஸ்டெண்டரில் கேபிள் மாட்ட ஒரு ஓட்டை இருக்கும். லேப்டாப்பை அதில் கேபிளால் மாட்டி, லேப்டாப்பின் வைஃபையை அணைச்சுட்டு வேகம் பாருங்க. அப்போ தகவல் காற்றில் ஒரே ஒரு தடவைதான் போகும். ரூட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையிலான முதல் தாவல் தனியா அளந்தது மாதிரி ஆகிடும்.

தேன்மொழி

எனக்கும் இதே பிரச்சனைதான். ஹாலிலிருந்து மாடிக்குப் போனா போன் ரொம்ப மெதுவாகிடுது. எக்ஸ்டெண்டர் பக்கத்திலேயே இருக்கு, ஆனா போனில் ஒரே ஒரு கோடு. வைஃபையை அணைச்சு மறுபடி போட்டா முழுக் கோடும் வந்து வேகமும் சரியாகிடுது. இதுக்கும் சேனல் பார்க்கணுமா?

அலைவரிசை

உங்களது வேறங்க. போன் இன்னும் கீழே உள்ள ரூட்டரையே பிடிச்சுக்கிட்டு இருக்கு. எப்போ விடணும்னு முடிவு பண்றது போன்தான். பழைய சிக்னல் ரொம்ப மோசமாகும் வரை பல போன்கள் விடாது. அணைச்சுப் போட்டதும் பக்கத்தில் உள்ளதைத் தேர்ந்தெடுக்குது, அவ்வளவுதான். கார்முகில் சொன்னது எக்ஸ்டெண்டரைப் பிடிச்ச பிறகும் மெதுவா இருக்குங்கிறது.

கார்முகில்

பார்த்துட்டேன். BSSID எக்ஸ்டெண்டரோடதுதான், அடியில் ஒட்டியிருக்கும் எண்ணோடு கடைசி இலக்கம் மட்டும்தான் மாறுது. Channel 6. Receive rate 144.4. கேபிளில் மாட்டினா 52 வருது, வைஃபையில் அதே 30.

அலைவரிசை

சேனல் 6ன்னா நீங்க 2.4 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கீங்க. முதல் தாவலும் அதே 2.4லதான் ஓடுதுன்னு எண்களே சொல்லுது.

ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் பேச முடியும். ரூட்டர் எக்ஸ்டெண்டருக்கு அனுப்பும்போது எக்ஸ்டெண்டர் லேப்டாப்புக்கு அனுப்ப முடியாது, காத்திருக்கணும். அதனால வேகங்களை ஒப்பிடுவதை விட்டுட்டு நேரங்களைக் கூட்டுங்க. 100 மெகாபிட் இறக்கணும்னு வைங்க. முதல் தாவலில் 52 வேகத்தில் அதுக்கு 1.92 நொடி ஆகும். எக்ஸ்டெண்டரிலிருந்து லேப்டாப்புக்கு, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பக்கத்திலேயே இருந்தாலும் நிஜத்தில் 70 சுமார்தான் கிடைக்கும். 144 என்பது இணைப்பு வீதம், அதில் பாதிதான் கைக்கு வரும். 71ன்னு எடுத்தா 1.41 நொடி. மொத்தம் 3.33 நொடி. 100ஐ அதால் வகுத்தா 30. உங்க எண் அப்படியே வந்துடுச்சு.

மணிமாறன் சொன்ன பாதிக் கணக்கு இரண்டு தாவலும் சம வேகத்தில் இருந்தால் மட்டும்தான் சரியா வரும். சமமா இல்லைன்னா மெதுவான தாவல்தான் நேரத்தைத் தின்னும். பெட்டி டூயல் பேண்ட்ங்கிறதால மட்டும் தகவல் பேண்ட் மாறிப் போயிடாது. வந்த பேண்டிலேயே நீங்களும் உட்கார்ந்திருந்தா பங்கு போட்டுத்தான் ஆகணும்.

இப்போ கேள்வி, முதல் தாவல் ஏன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இல்லைங்கிறது. எக்ஸ்டெண்டரின் நிர்வாகப் பக்கத்தில் 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் ரூட்டரோடு சேர்ந்திருக்கான்னு பாருங்க. ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் எந்த சேனலில் இருக்குன்னும் சொல்லுங்க.

கார்முகில்

எக்ஸ்டெண்டரில் 2.4 பக்கம் பச்சை, 5 பக்கம் Not connected. தேடச் சொன்னா 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டியலில் எங்க வீட்டுப் பெயரே வரல, பக்கத்து வீட்டுப் பெயர்கள் வருது. ரூட்டரில் சேனல் Auto, இப்போ 100ன்னு காட்டுது.

அலைவரிசை

அதுதான் காரணமா இருக்கும். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்துகிற அலைவரிசை. அங்கே ஒலிபரப்பும் கருவி ரேடார் இருக்கான்னு கவனிச்சு, இருந்தா விலகிப் போகணும் என்பது கட்டாயம். விலை குறைந்த எக்ஸ்டெண்டர்கள் பலவற்றில் அந்த வசதி இல்லாததால் அந்த சேனல்களையே பார்ப்பதில்லை. ரூட்டர் Auto போட்டு 100க்குப் போயிட்டா எக்ஸ்டெண்டருக்கு அது இல்லாத மாதிரிதான். எச்சரிக்கை எதுவும் காட்டாம 2.4ல மட்டும் சேர்ந்துக்கும்.

ரூட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலை 36ன்னு நிலையா வைங்க. அகலம் 80 மெகாஹெர்ட்ஸ். 160 வைக்காதீங்க, 36லிருந்து 160 அகலம் எடுத்தா அது 64 வரை நீண்டு மறுபடி ரேடார் சேனலுக்குள்ளே போயிடும். மாத்தின பிறகு எக்ஸ்டெண்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கும் தனியா இணைப்புக் கொடுங்க.

பழையரூட்டர்

அலைவரிசை சொன்னதோடு ஒன்னு. இனிமே இணைய ஸ்பீட் டெஸ்ட்டை வச்சு அளக்காதீங்க. 200க்கு மேல போனா அது காட்டாது, சாயங்காலம் கம்பெனிப் பக்கம் நெரிசல்னா அதுவும் கலந்துடும். ரூட்டரில் கேபிளால் மாட்டின ஒரு கணினி இருந்தா அதில் முதல் வரியையும், லேப்டாப்பில் இரண்டாவது வரியையும் ஓட்டுங்க:

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -t 20 -R
```

ஐபி எண்ணுக்குப் பதில் உங்க கணினியின் எண்ணைப் போடுங்க. -R போட்டாத்தான் தகவல் லேப்டாப் பக்கம் வரும், இல்லைன்னா ஏற்றும் வேகத்தை அளந்துட்டு இறக்கும் வேகம்னு நினைச்சுக்குவீங்க. இணைப்பே கிடைக்கலைன்னா கணினியின் ஃபயர்வால் 5201 போர்ட்டைத் தடுக்குது, அனுமதி கொடுக்கணும்.

கார்முகில்

சேனல் 36 வச்சதும் 5 ஜிகாஹெர்ட்ஸும் பச்சையாயிடுச்சு. லேப்டாப்பும் இப்போ 5லதான் இருக்கு. ஆனா அதே பிளக்கில் வைஃபையில் 58தான் வருது. கேபிளில் 70. நிர்வாகப் பக்கம் ரூட்டர் சிக்னல் -77ன்னு காட்டுது.

மணிமாறன்

லேப்டாப்பை 2.4ல மாட்டிட்டு முதல் தாவலை மட்டும் 5ல விடுங்க. பல பெட்டிகளில் ஹை ஸ்பீட் மோடுன்னே ஒன்னு இருக்கு, அதைத்தான் செய்யும். பங்கு போடும் பேச்சே இல்ல, முழு வேகம்.

அலைவரிசை

பங்கு இருக்காதுங்கிறது சரி. முழு வேகம்ங்கிறது சரியில்ல. 2.4ல அவருக்குக் கிடைப்பதே 70தான். முதல் தாவல் 700 ஆனாலும் கடைசியில் 70ஐத் தாண்டாது. முதல் தாவல் நல்லா இருக்கும் வீட்டில் அந்த மோடு வேகத்தைக் கெடுக்கும். பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் 2.4ல நெரிஞ்சு கிடந்தா இன்னும் மோசம்.

கார்முகில், இப்போ இடப் பிரச்சனைக்கு வந்துட்டோம். -77 டிபிஎம் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ரொம்பப் பலவீனம். முதல் தாவல் 70ன்னா 100 மெகாபிட்டுக்கு 1.43 நொடி. ஒரு மீட்டரில் உள்ள லேப்டாப்புக்கு 400 வரும்னு வச்சா 0.25 நொடி. மொத்தம் 1.68, அதாவது 60 சுமார். நேரத்தில் பெரும்பங்கு முதல் தாவலுக்கே போகுது. லேப்டாப் பக்கம் தேவைக்கு மேல சிக்னல் கொட்டிக் கிடக்கு, ரூட்டர் பக்கம் பஞ்சம். சிக்னல் வராத அறைக்குள்ளேயே எக்ஸ்டெண்டரை வச்சா எப்பவும் இதுதான் நடக்கும். அதுக்கே வராததை அது யாருக்குத் தரும்?

ரூட்டர் பக்கமா நகர்த்துங்க. ரூட்டர் சிக்னல் -60லிருந்து -65க்குள் வரும் இடம்தான் குறி. -50 வரை கொண்டு போனா ரொம்பக் கிட்டே போயிட்டீங்க, அப்புறம் இரண்டாவது தாவல் இரண்டு சுவரைத் தாண்ட வேண்டியிருக்கும். போனில் டிபிஎம் காட்டும் வைஃபை அனலைசர் மாதிரி ஒரு செயலியை வச்சு, பிளக் இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் எக்ஸ்டெண்டரை அணைச்சுட்டு ரூட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸை மட்டும் பாருங்க. போன் எண்ணும் எக்ஸ்டெண்டர் எண்ணும் சில டெசிபல் வித்தியாசப்படும், அது பரவாயில்ல.

பிளக் தரைக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜ், இரும்பு அலமாரிக்குப் பின்னால இருந்தா அதை விட்டுடுங்க. சுவரைச் சாய்வாக் கடக்கும் இடத்தையும் தவிருங்க. நேரா கடந்தா ஒரு சுவரின் தடிமன், சாய்வாப் போனா அதே சுவர் இன்னும் தடிப்பா வந்து நிற்கும்.

கார்முகில்

நடுவில் ஒரு வராண்டா பிளக் இருக்கு. அங்கே -62. அதில் மாட்டினேன். அறைக்குள்ள லேப்டாப்பில் iperf3 இப்போ 112. நல்ல முன்னேற்றம், நன்றி.

ஒரு குழப்பம். வராண்டாவில் எக்ஸ்டெண்டரில் கேபிள் மாட்டி அளந்தா 94. கேபிளைவிட வைஃபை எப்படி அதிகம் வரும்?

பழையரூட்டர்

அந்த ஓட்டை 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட். நிஜத்தில் 94தான் அதன் உச்சம். 94 அல்லது 95ல சொல்லி வச்ச மாதிரி நின்னா அங்கே வைஃபையைச் சந்தேகப்பட வேண்டாம், போர்ட்தான் அடைப்பு. விண்டோஸ்ல பவர்ஷெல்லில் Get-NetAdapter ஓட்டினா LinkSpeed பத்தியில் 100 Mbps ன்னு காட்டும். 1200 அட்டைப்பெட்டிக்குள்ளே 100 போர்ட் வைப்பது இந்த வகைப் பெட்டிகளில் ரொம்ப சாதாரணம்.

அலைவரிசை

ஆமா. இனி கேபிள் அளவை வச்சு முதல் தாவலைக் கணிக்க முடியாது. லேப்டாப்பை வராண்டா பிளக் இருக்கும் இடத்தில் வச்சு, எக்ஸ்டெண்டரை அணைச்சுட்டு, நேரா ரூட்டரோடு 5ல சேர்த்து அளங்க. 260 வந்தா 0.38 நொடி. அறைக்கு ஒரு சுவர் தாண்டி 200ன்னா 0.50 நொடி. இரண்டும் சேர்ந்து 113. உங்க 112 இதோடு ஒத்துப்போகும். இரண்டு தாவலும் ஏறக்குறைய சமமாயிடுச்சு, இதுக்கு மேல நகர்த்திப் பெரிசா எதுவும் கிடைக்காது.

கார்முகில்

அளந்தேன், 255. அறையில் 190ம் வேணும்னா இனி கேபிள்தானா? ரூட்டரிலிருந்து அதே எக்ஸ்டெண்டருக்கு இழுத்தா போதுமா?

மணிமாறன்

கேபிள் போட்டா எல்லாம் தீர்ந்தது. ரூட்டரில் ஒரு முனை, எக்ஸ்டெண்டரில் ஒரு முனை, முடிஞ்சது வேலை.

பழையரூட்டர்

முடியாது, இரண்டு காரணம். ஒன்னு, அந்த எக்ஸ்டெண்டரின் 100 போர்ட் வழியா வந்தா 94க்கு மேல வராது. இப்போ காற்றில் வரும் 112ஐவிடக் குறைவு. இன்னொன்னு இதைவிட ஆபத்து. எக்ஸ்டெண்டரை, கேபிளில் வாங்கி வைஃபையில் தரும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்தாம கேபிள் சொருகினா, வைஃபையில் ஒரு வழி, கேபிளில் ஒரு வழின்னு வளையம் உண்டாகும். பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் அதிலேயே சுத்தி சுத்தி வரும். ரூட்டர் விளக்குகள் எல்லாம் ஒரே வேகமா மின்னும், நிர்வாகப் பக்கமே திறக்காது, மொத்த வீட்டுக்கும் நெட் போயிடும். கேபிளைப் பிடுங்கினதும் உயிர் வரும். அதனால முதலில் மோடை மாத்துங்க, பிறகு கேபிள்.

வேகம் வேணும்னா ஜிகாபிட் போர்ட் உள்ள பெட்டி தேவை. பழைய ரூட்டர் சும்மா கிடந்தா அதுவே போதும். அதில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருந்தா அதைத் தேர்ந்தெடுங்க. இல்லைன்னா, முதலில் அதைத் தனியா லேப்டாப்பில் மாட்டி அதன் லேன் ஐபியை 192.168.1.2 ஆக்குங்க. அந்த எண் பிரதான ரூட்டர் தானாகக் கொடுக்கும் எல்லைக்கு வெளியே இருக்கணும். கருவிகளுக்கு ஐபி எண் கொடுக்கும் டிஎச்சிபியை இதில் அணைங்க. அப்புறம் பிரதான ரூட்டரின் லேனிலிருந்து இதன் லேனுக்குக் கேபிள். WAN ஓட்டையைத் தொட வேண்டாம், அதில் சொருகினா உள்ளே இன்னொரு தனி நெட்வொர்க் உருவாகி, அறையில் உள்ள லேப்டாப்புக்கு ஹாலில் உள்ள பிரிண்டர் தெரியாது. டிஎச்சிபியை மறந்துட்டா அறையில் உள்ள கருவிகள் சில நேரம் தப்பான வழி எண் வாங்கிட்டு, சேர்ந்திருக்கு ஆனா நெட் இல்லைன்னு நிக்கும்.

அலைவரிசை

சேனல்களையும் பிரிச்சு வைங்க. கேபிள் வந்தபின் இரண்டு பெட்டியும் ஒரே சேனலில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்ல. கேபிளின் பெரிய லாபமே அதுதான். ரூட்டர் 36ல இருக்கட்டும். இன்னொன்றை 149 அனுமதிச்சா அதில் வைங்க. 2.4ல ஒன்னு 1, இன்னொன்னு 6 அல்லது 11, அகலம் 20. இப்படி வச்சா ஹாலில் யாராவது படம் பார்த்தாலும் உங்க அறையின் காற்று நேரத்தைத் தொடாது. எக்ஸ்டெண்டர் இருந்தவரை நீங்க இறக்கிய ஒவ்வொரு பிட்டும் ஹாலில் உள்ளவர்களின் நேரத்தையும் சேர்த்துத்தான் எடுத்துச்சு.

94 பத்தி பழையரூட்டரோடு எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. வீடியோ அழைப்புதான் முக்கியம்னா 112 வைஃபையைவிட 94 கேபிளைத்தான் நான் சொல்வேன். தாமதம் குறையும், மாலை நெரிசலில் ஆடாது. அழைப்புக்கு சில எம்பிபிஎஸ் போதும், அது நிலையா வரணும்.

பழையரூட்டர்

அழைப்புக்குச் சரி. ஆனா கேபிள் இழுக்கும் உழைப்பு ஒரு தடவைதான். இழுத்துட்டு 94ல நிறுத்துறது எனக்கு ஒப்பல.

தேன்மொழி

சுவர் துளைக்க முடியாதவங்களுக்கு மின்கம்பி வழியா அனுப்பும் பவர்லைன் அடாப்டர் சரியா வருமா? எங்க வீட்டில் ஒரு அறைக்கு நல்லா ஓடுது, மாடியில் மட்டும் அடிக்கடி அறுந்துடுது.

அலைவரிசை

மாடி வேற சர்க்யூட்டில் இருக்கலாம், இல்ல அங்கே ஏதாவது மோட்டாரோ சார்ஜரோ இரைச்சல் கிளப்பலாம். பவர்லைனை நேரா சுவர் பிளக்கில் மாட்டுங்க, சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினா அதுவே சிக்னலை வடிகட்டிடும். அட்டைப்பெட்டி எண்ணை இங்கேயும் நம்ப வேண்டாம். வீட்டு ஒயரிங்கைப் பொறுத்து 30ம் வரும், 200ம் வரும். திருப்பித் தர முடியும்னா மட்டும் வாங்கிப் பாருங்க.

பழையரூட்டர்

அது சூதாட்டம். டிவிக்கு வந்த கோஆக்ஸ் கேபிள் அறை வரை போயிருந்தா, இப்போ அதைப் பயன்படுத்தலைன்னா, அதன் வழியா நெட் அனுப்பும் மோகா அடாப்டர் ஜோடி போடுங்க, ஈதர்நெட் கேபிள் அளவுக்கு நிலையா ஓடும். டிஷ் இணைப்பு ஓடும் அதே கம்பியில் போடாதீங்க, அலைவரிசை மோதும்.

கார்முகில்

15 மீட்டர் கேட்6 கேபிள் கதவு நிலை ஓரமா இழுத்து, ரெடிமேட் முனை நுழையாததால் ஒரு முனையை வெட்டி நானே கிரிம்ப் பண்ணினேன். பழைய ரூட்டர், டிஎச்சிபி அணைச்சாச்சு, லேன் டூ லேன். ஆனா மறுபடி 94! இரண்டு பெட்டியிலும் ஜிகாபிட் போர்ட்தான்.

பழையரூட்டர்

கிரிம்ப்தான். 100 எம்பிபிஎஸுக்கு 1, 2, 3, 6 நாலு கம்பி போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். 4, 5, 7, 8ல ஒன்னு சரியா உட்காராட்டியும் பெட்டிகள் சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், இணைப்பு அறுந்த மாதிரியே தெரியாது. கனெக்டரை முன்பக்கமா வெளிச்சத்தில் பாருங்க, எட்டு செம்பு முனையும் கடைசி வரை வந்திருக்கணும். வராத ஒன்னு இருந்தா வெட்டிப் புதுசா போடுங்க. மறு முனையில் என்ன நிற வரிசையோ அதே வரிசை. கதவு நிலையில் கேபிள் நசுங்கியிருக்கான்னும் பாருங்க, கதவு சாத்தும்போது ஒவ்வொரு தடவையும் அழுத்தம் அங்கேதான் விழும்.

கார்முகில்

பழுப்புக் கம்பி உள்ளே போகவே இல்ல. புதுசா போட்டேன். LinkSpeed 1 Gbps. அறையில் iperf3 410, இணையத்தில் 193.

பெயரை இரண்டுக்கும் ஒன்னா வைக்கவா, தனித்தனியா வைக்கவா?

மணிமாறன்

தனித்தனியா வைங்க. எதில் இருக்கோம்னு கண்ணுக்குத் தெரியும்.

அலைவரிசை

அறையிலேயே இருக்கும் லேப்டாப், டிவிக்குத் தனிப்பெயர் நல்லது. கையில் நடக்கும் போனுக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே பாதுகாப்பு வகை. தேன்மொழிக்கு வந்த தொல்லை உங்களுக்கும் வந்தா, ரூட்டரின் ஒலிபரப்புச் சக்தியை ஒரு படி குறைச்சுப் பாருங்க. எல்லை சுருங்கும்போது போன் சீக்கிரம் விட்டுக்கொடுக்கும்.

தேன்மொழி

மாடியில் அதைத்தான் இன்னைக்கு முயற்சி பண்றேன். நடுத்தரத்தில் வச்சா ஹால் மூலையில் உள்ள டிவி தாங்குமான்னு பார்க்கணும்.